கலர் ஒட்டுறதும் ஒட்டாததும் தாளோட முடிவு: அம்மச்சி போட்டோவ பாஸ்டல் படமாக்குன கதை

எங்க அம்மச்சி போட்டோ ஒண்ணு இருக்கு. குலசேகரம் பக்கத்துல வீட்டு சிட்அவுட்ல, வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்து, காதுல பாம்படம் தொங்க, பின்னால கொடியில ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்க, ஒரு சைடுல இருந்து வெயில் அடிக்க எடுத்த படம். இத சாக்பீஸ்ல வரைஞ்ச மாதிரி, அந்த சாஃப்ட் பாஸ்டல் லுக்ல மாத்தி பிரேம் போடணும்னு ஆசை. நெஜ பாஸ்டல்லயே வரைஞ்சா என்னன்னு கேப்பீங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் பெய்யும், ஈரம் விடவே விடாது, முன்னாடி வரைஞ்ச ஒரு படம் கண்ணாடிக்குள்ளயே பூசணம் புடிச்சு போச்சு. அதனாலதான் கம்ப்யூட்டர்.

மொத தடவை எல்லாரும் பண்றதையே நானும் பண்ணுனேன். போட்டோவ கொஞ்சம் பிளர் பண்ணி, நெட்ல எடுத்த பேப்பர் டெக்ஸ்சர் ஒண்ண மேல ஓவர்லேயா போட்டேன். பாத்தா பாஸ்டல் மாதிரியே இல்ல, துணியில பிரிண்ட் அடிச்ச போட்டோ மாதிரி இருந்துச்சு. மாமா எட்டிப்பாத்துட்டு "இது கொள்ளாது மக்களே, காலண்டர் மாதிரி இருக்கு"ன்னுட்டு போயிட்டாரு. ஏன் கொள்ளலன்னு புரிய எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

பாஸ்டல் குச்சிங்கிறது கலர் பொடி, கொஞ்சம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, உதிராம நிக்கிறதுக்கு மட்டும் கொஞ்சூண்டு பசை, அவ்ளோதான். அது தாள்ல தானா ஒட்டுறதில்ல, தாளோட சொரசொரப்பு அத அரம் மாதிரி ராவி எடுக்குது. ராவுறது எங்க நடக்கும்? மேட்டுல மட்டும்தான். பள்ளத்துல குச்சி படவே படாது, அங்க தாளோட கலர் அப்படியே தெரியும். அப்போ லேசா இழுத்தா மேட்டு உச்சியில மட்டும் பொடி, அழுத்தி இழுத்தா இன்னும் கொஞ்சம் கீழ வரைக்கும் பொடி, விரலால தேய்ச்சா பள்ளத்துக்குள்ளயும் பொடி போயி ரொம்பிரும்.

இதுலயே எல்லாம் இருக்கு. ஓவர்லே பண்ணும்போது டெக்ஸ்சர் கலர் மேல விழுற நிழல் மாதிரி ஆகுது, பள்ளம் எல்லாம் அதே கலரோட இருண்ட வடிவமா வருது. நெஜ பாஸ்டல்ல பள்ளத்துல இருக்குறது வேற கலர், தாளோட கலர். செக் பண்றது ஈசி: படத்த 100 சதவீதம் சூம் பண்ணி வெள்ளை முடிய பாருங்க. இழைக்கு நடுவுல உள்ள புள்ளிகள் சாம்பல் வெள்ளையா இருந்தா அது ஓவர்லே, தாளோட நீலமோ பழுப்போ எட்டிப்பாத்தா அது பாஸ்டல்.

சரி, அப்போ நமக்கு தேவை டெக்ஸ்சர் போட்டோ இல்ல, தாள்ல எங்க மேடு எங்க பள்ளம்னு சொல்ற ஒரு மேப். தாள ஜன்னல் பக்கம் வச்சு சரிஞ்ச வெளிச்சத்துல போட்டோ எடுத்தா போதும்னு தோணும், ஆனா அதுல தெரியுறது சரிவுதான், ஒரே மேட்டுக்கு ஒரு பக்கம் வெளிச்சம் மறுபக்கம் நிழல்னு வரும். அதவிட நல்ல வழி சின்னப்புள்ளைங்க வெளையாட்டுல இருக்கு. நாணயத்து மேல தாள வச்சு பென்சில சரிச்சு தேய்ப்போம்ல, அதேதான், அடியில நாணயம் இல்லாம. சொரசொரப்பான ஹேண்ட்மேட் பேப்பர் ஒண்ண வாங்கி, மேசையில விரிச்சு, 6B பென்சில நல்லா சரிச்சு லேசா ஒரே சீரா தேயுங்க. மேடெல்லாம் கருக்கும், பள்ளம் வெள்ளையா நிக்கும். பாஸ்டல் எங்க ஒட்டுமோ அந்த எடத்தையே தாள் எழுதிக் குடுத்துருது. (சார்ட் பேப்பர் வேண்டாம், அது வழவழன்னு இருக்கும், ஒண்ணும் வராது.)

அத 300 டிபிஐல ஸ்கேன் பண்ணி ஜிம்ப் சாஃப்ட்வேர்ல தொறந்து `Colors → Invert` குடுத்தா மேடு வெள்ளை ஆயிரும், அப்புறம் `Colors → Auto → Equalize`. இந்த ரெண்டாவது ஸ்டெப்ப விட்ராதீங்க. இத பண்ணுனா கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் எல்லா அளவும் சமமா பரவிரும், அப்புறம் "முப்பது சதவீத அழுத்தம்"னு சொன்னா தாள்ல கிட்டத்தட்ட முப்பது சதவீத எடத்துலதான் பொடி ஒட்டும், கணக்கு நேரா நிக்கும்.

சைஸும் முக்கியம். A4 அளவுக்கு 300 டிபிஐன்னா 2480-க்கு 3508 பிக்சல், அதுல ஒரு மில்லிமீட்டர்ங்கிறது கிட்டத்தட்ட 12 பிக்சல். ஸ்கேனும் படமும் ஒரே டிபிஐல இருந்தா குருணை தானாவே சரியான அளவுல விழும். நெட்ல எடுத்தத பெருசாக்கிப் போட்டா முகம் சாக்குப்பையில வரைஞ்ச மாதிரி ஆயிரும்.

அடுத்தது தாளோட கலர். வெள்ளைத் தாள் எடுத்தா அம்மச்சியோட முண்டு எங்கயோ காணாம போயிரும். நான் மங்குன நீலச்சாம்பல் எடுத்தேன், RGB-ல 111, 127, 134. ரெண்டு காரணம். நம்ம ஆளுங்க தோல் செம்பழுப்பு, அதுக்கு நடுவுல குளிர்ச்சியான நீலம் புள்ளி புள்ளியா தெரிஞ்சா தோல் இன்னும் செவப்பா, உசுரோட தெரியும், பக்கத்து கலர் கண்ணுல நடத்துற வேல அது. 18-ஆம் நூற்றாண்டுல வெனிஸ்ல பாஸ்டல் முகங்களுக்கே பேர் வாங்குன ரொசால்பா கரியேரா நீலத்தாள்ல வரைஞ்சிருக்காங்க. இன்னொரு காரணம், இந்த நீலச்சாம்பல் வெள்ளைத் துணியோட நிழல் கலருக்கு கிட்டத்தட்ட சமம். அப்போ முண்டு மடிப்போட நிழல நான் வரையவே வேண்டாம், அந்த எடத்துல பொடி போடாம விட்டா தாளே நிழலா நிக்கும், வெளிச்சம் பட்ட மடிப்புல மட்டும் வெள்ளைய இழுத்தா போதும். எனக்கு இந்த முழு வேலையிலயும் புடிச்சது இந்த எடம்தான்.

இப்போ தோல். போட்டோவுல தோல் துளை, கேமரா குருணை எல்லாம் இருக்கும், அது மேல தாள் குருணையும் சேந்தா ரெண்டும் சண்ட போட்டு அழுக்கு மாதிரி தெரியும். அதனால மொதல்ல `Filters → Blur → Selective Gaussian Blur` குடுத்து தோல வழிச்சிரணும், இது கலர் திடீர்னு மாறுற ஓரங்கள விட்டுட்டு நடுவுல மட்டும் மழுக்கும். அம்மச்சி முகத்துல சுருக்கம் நெறைய, பெரிய சுருக்கம் நிக்கிற அளவோட நிறுத்திக்கோங்க, அதுக்கு மேல போனா மெழுகு பொம்ம. கண்ணும் உதட்டுக் கோடும் கூர்மையாவே இருக்கட்டும்.

அப்புறம் கருப்பு. பாஸ்டல்ல அட்டக் கருப்பு வராது, ஏன்னா பொடிக்கு நடுவுல காத்து இருக்கு. வெள்ளை வேட்டி நனைஞ்சா உள்ள இருக்குறது தெரியுதுல்ல? காஞ்ச நூலுக்கு நடுவுல காத்து இருக்கும்போது வெளிச்சம் ஒவ்வொரு எல்லையிலயும் செதறி வெளுப்பா திரும்பி வருது, அந்த எடத்த தண்ணி ரொப்புனதும் செதறல் கொறைஞ்சு வெளிச்சம் உள்ள போயிருது. முட்டம் பீச்சுல நனைஞ்ச மணல் இருண்டு தெரியுறதும் இதுதான். பாஸ்டல் எப்பவுமே காஞ்ச பொடி, அதனால இருட்டான கலர்ல கூட ஒரு வெளுப்பு ஒட்டிக்கிட்டே இருக்கும். `Colors → Levels`ல கீழ உள்ள அவுட்புட்ட 0-ல இருந்து 30 பக்கம் தூக்குனா அந்த சுண்ணாம்புத்தனம் வந்துரும்.

கடைசியா அழுத்தம். புதுசா ஒரு கருப்பு படம் எடுத்து, எங்க எவ்ளோ அழுத்தணுமோ அத சாம்பல் கலர்ல தூரிகையால இழுங்க. கருப்புன்னா குச்சி படல, வெள்ளைன்னா நல்லா அழுத்துனது. முகத்துக்கு நான் 230, முண்டுக்கு 100, பின்னால ரப்பர் ஷீட் இருந்த எடத்துல 40-ல ஆரம்பிச்சு ஓரத்துல ஒண்ணுமில்லாம கரைச்சு விட்டேன். இழுக்குற தெச முக்கியம், கன்னத்த சுத்தி கன்னம் வளையுற பக்கமா, துணியில மடிப்பு விழுற பக்கமா. தாள், அழுத்தம், போட்டோ மூணு படமும் ஒரே சைஸ்ல இருக்கணும், மறந்தா இதெல்லாம் சேர்க்குற இந்த பைதான் கோடு எரர் அடிக்கும்.

```python
import numpy as np
from PIL import Image

def load(f, m):
    return np.asarray(Image.open(f).convert(m)) / 255.0

h = load("thaal.png", "L")
p = load("azhuttham.png", "L")
face = load("mugam.png", "RGB")
paper = np.array([111, 127, 134]) / 255.0
s = 0.15

a = np.clip((h - (1 - p)) / s + 0.5, 0, 1)
a[p == 0] = 0
a = a[..., None]
out = a * face + (1 - a) * paper
Image.fromarray((out * 255).astype("uint8")).save("pastel.png")
```

`h` தாளோட உயரம், `p` அழுத்தம், `face` மேல சொன்னபடி சரிபண்ணி வச்ச முழுப் போட்டோ. அழுத்தம் 0.4-ன்னா 0.6-க்கு மேல உயரமா உள்ள எடத்துல மட்டும் கலர் ஒட்டும், மத்த எடத்துல தாள். `s`தான் ஓரத்தோட மென்மை, 0.15-ல குருணை கறாரா தெரியும்.

ஆனா இத ஒரே தடவ ஓட்டுனா தோலும் துணியும் ஒரே சொரசொரப்புல வருது, அது தப்பு, தோல் விரலால தேய்ச்ச மாதிரி இருக்கணும். பாஸ்டல்காரங்க என்ன பண்ணுவாங்கன்னா அடியில தேய்ச்சுட்டு, அது மேல தேய்க்காத கோடு நாலே நாலு இழுத்து விட்ருவாங்க. நானும் ரெண்டு தடவ ஓட்டுனேன். மொத தடவ `s = np.where(p > 0.8, 0.5, 0.15)`னு மாத்தி, நல்லா அழுத்துன முகத்துக்கு மட்டும் `s` 0.5 வச்சு, பள்ளத்துக்குள்ளயும் கலர் பாதி எறங்குற மாதிரி. ரெண்டாவது தடவ `paper` எடத்துல மொத தடவ வந்த படத்தையே குடுத்து, `s` மறுபடி 0.15, புது அழுத்தப் படத்துல மூக்கு நுனி, நெத்தி முடி, பாம்படத்தோட மினுக்கம், முண்டோட மடிப்பு மட்டும். இந்தத் தடவ `mugam.png`-ஐ கொஞ்சம் வெளிச்சமாக்கித்தான் குடுக்கணும், பாஸ்டல் மூடுற கலர், இருட்டு மேல வெளிச்சம் உக்காரும், அதனாலதான் மல்டிப்ளை மாதிரி எதுவும் இங்க ஆகாது. மூணாவது தடவையும் ஓட்டிப் பாத்தேன், சேறாயிருச்சு. நெஜத் தாள்லயும் பள்ளம் ரொம்பிட்டா அதுக்கு மேல பொடி புடிக்காது.

ஒரு கோளாறு இன்னும் பாக்கி இருந்துச்சு. இருட்டுப் பக்கத்து கன்னமும் முடியும் சேருற எடத்துல கோடு ரொம்ப தெளிவா இருந்துச்சு, போட்டோ வெட்டி ஒட்டுன மாதிரி. அந்த ஓரத்துல மட்டும் அழுத்தத்த 80 வரைக்கும் கொறைச்சு முடியயும் தோலயும் தாளுக்குள்ள கரைய விட்டதும் சரியாச்சு.

பிரிண்ட் போட நாகர்கோவில்ல ஒரு கடையில குடுத்தேன், பளபள பேப்பர்ல அடிச்சுக் குடுத்துட்டாங்க. சுண்ணாம்பு லுக் மொத்தமும் போச்சு, நனைஞ்ச மணல் மாதிரி. மறுபடி மேட் பேப்பர்ல அடிச்சு வாங்குனேன். மாமா ரொம்ப நேரம் பாத்தாரு, அப்புறம் விரலால மெதுவா தொட்டுப் பாத்துட்டு விரல்ல பொடி ஒட்டியிருக்கான்னு பாத்தாரு.