லிட்ரேச்சர் ரிவ்யூவ மெய்ப்பு பார்க்கும்போது மூல நூலையும் பக்கத்துல வச்சுக்கோங்க

பிஎச்டி ஆய்வேடுகளுக்கு மெய்ப்பு பார்த்துக் கொடுக்கிற வேலைல இருக்கேன், பெரும்பாலும் தமிழ்த் துறை, மொழியியல் துறை பிள்ளைங்க. "சந்திப்பிழை மட்டும் பாருங்க போதும்"னு தான் எல்லாரும் ஃபைலை அனுப்புவாங்க. மத்த இயல்களுக்கு அது சரி, ஆனா முன்னாய்வுகள் இயலுக்கு அது பத்தாது. அந்த இயல்ல இருக்கிறது முக்கால்வாசி அடுத்தவங்க சொன்னது, அதை அவங்க சொன்ன மாதிரியே சொல்லியிருக்கோமான்னு பார்க்கிறது தான் அங்க உண்மையான மெய்ப்பு. வைவால கேள்வி வர்றதும் அங்க இருந்து தான்.

ஒரு உதாரணத்தோட சொல்றேன். திராவிட மொழி ஆராய்ச்சி வரலாறு பத்தின ஒரு ஆய்வேட்டுல இப்படி ஒரு பத்தி: கால்டுவெல் 1856ல் திராவிட மொழிக்குடும்பத்தை முதன்முதலில் கண்டறிந்தார் என்று தாமஸ் ட்ரவுட்மன் கூறுகிறார், அவருக்கு முன்பே எல்லிஸ் "திராவிட மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்கவில்லை" என்றார், கால்ட்வெல் இதை விரிவாக்கினார். எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல, சும்மா படிச்சா அழகா ஓடுது. ஆனா முதல் வரியும் ரெண்டாவது வரியும் ஒண்ணோட ஒண்ணு முட்டுதே, முதல்ல கண்டுபிடிச்சது கால்டுவெல்னா அவருக்கு முன்னாடியே எல்லிஸ் எப்படி சொன்னார்? இந்த மாதிரி முட்டல் கண்ணுல பட்டா அங்கயே நிறுத்திட்டு மூலத்தை எடுக்கணும்.

எடுத்துப் பார்த்தா வரலாற்றாய்வாளர் ட்ரவுட்மன் சொல்றது நேர் எதிர். 2006ல வந்த அவரோட நூலே முக்கியமா எல்லிஸ் பத்தினது தான். சென்னைல கலெக்டரா இருந்த எல்லிஸ், கேம்ப்பெல் எழுதின தெலுங்கு இலக்கணத்துக்கு 1816ல ஒரு முன்குறிப்பு எழுதினார், அதுல தமிழ், தெலுங்கு, கன்னடச் சொல் வேர்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, இதுங்க ஒரு குடும்பம், சமஸ்கிருதச் சொற்கள் பிறகு வந்து கலந்தவைன்னு காட்டினார், அதாவது கால்டுவெல்லோட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலுக்கு 40 வருஷம் முன்னாடி. கால்டுவெல்லே தன் முன்னுரைல இந்தத் துறைல முதல்ல இறங்கினவர் எல்லிஸ் தான்னு சொல்லிட்டு, ஆனா அவர் பார்த்தது சொற்களை மட்டும் தான், இலக்கண வடிவங்களை இல்லைன்னு ஒரு வரையறையும் போடுறார். அந்த வரையறை தான் முக்கியம். அதை விட்டுட்டு "எல்லிஸ் முன்பே நிறுவிவிட்டார்"னு மட்டும் மாத்தி எழுதினா அதுவும் தப்பான சுருக்கம் தான்.

சுருக்கி எழுதினதைச் சரிபார்க்க நான் மூணு விஷயத்தைத் தான் பார்ப்பேன். யார் சொன்னது, எவ்வளவு உறுதியா சொன்னது, எதைப் பத்தி மட்டும் சொன்னது. "இருக்கலாம்"னு மூல ஆசிரியர் எழுதினது ஆய்வேட்டுல "என்று நிறுவுகிறார்"னு மாறியிருக்கும், மூணு மொழிகளைப் பத்தி சொன்னது "எல்லா திராவிட மொழிகளும்"னு விரிஞ்சிருக்கும். கூறுகிறார், வாதிடுகிறார், நிறுவுகிறார், ஐயுறுகிறார் இந்த வினைகளை அலங்காரத்துக்கு மாத்தி மாத்திப் போடுற பழக்கம் நம்ம ஆய்வேடுகள்ல நிறைய இருக்கு, ஒரே சொல் திரும்ப வரக்கூடாதுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னதோட விளைவு, ஆனா இங்க ஒவ்வொரு வினைக்கும் தனி எடை இருக்கு, அதனால வினையை மட்டும் வட்டம் போட்டு மூலத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

அடுத்து மேற்கோள் குறி. அந்தப் பத்தில எல்லிஸ் வாயில "திராவிட மொழிகள்"னு குறிக்குள்ள வச்சிருக்காங்க. எல்லிஸ் அந்த இடத்துல சொன்னது தென்னிந்திய மொழிகள்ங்கிற மாதிரியான பெயர் தான், திராவிடம்ங்கிற குடும்பப் பெயரை நிலைநிறுத்தினது கால்டுவெல், அதுக்கு முன்ன சில ஐரோப்பியர்கள் தமிழ் பேரை வச்சே குடும்பத்தைக் கூப்பிட்டாங்க. ஆக குறிக்குள்ள இருக்கிறது எல்லிஸோட சொல்லே இல்ல, ஆய்வாளர் ட்ரவுட்மனைப் படிச்சுட்டு தமிழ்ல தானே எழுதின வரி. தமிழ் ஆய்வேடுகள்ல இது ரொம்ப சகஜம், ஆங்கில நூலைத் தானே மொழிபெயர்த்துட்டு ரெட்டை மேற்கோள் போட்டுடுறாங்க. மொழிபெயர்ப்புன்னா அடிக்குறிப்புல "மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது"ன்னு சொல்லணும், இல்ல குறியை எடுத்துட்டு சொந்த நடைல எழுதணும்.

பதிப்பும் பாருங்க. கால்டுவெல் நூலோட முதல் பதிப்பு 1856, அவரே திருத்தி விரிச்சது 1875, அவர் காலத்துக்கு அப்புறம் வேற ஆளுங்க பதிப்பிச்சு சில பகுதிகளை நீக்கின மூணாவது பதிப்பு 1913. கைல இருக்கிறது மூணாவது பதிப்போட மறு அச்சு, ஆனா அடைப்புக்குறில 1856னு போட்டுப் பக்க எண் தந்திருந்தா அந்தப் பக்கத்துல அந்த வரி இருக்காது. தலைப்புப் பக்கத்தோட பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிடுங்க, வாக்குவாதமே வேண்டாம்.

இப்ப எழுத்து வேறுபாடு. ஒரே இயல்ல கால்டுவெல், கால்ட்வெல், கால்டுவெல்லர், இன்னொரு பக்கம் எல்லிஸ், எல்லீஸ், எல்லீசர். ஒண்ணை முடிவு பண்ணி ஒரு தனித்தாள்ல எழுதி வச்சுக்கணும், வலப்பக்கம் எந்தெந்த வடிவம் வந்திருக்குன்னு குறிக்கணும். ஆனா எல்லாத்தையும் ஒரே அடியா மாத்துற "ரிப்ளேஸ் ஆல்" பட்டனைத் தொடாதீங்க, ஏன்னா வேற ஆசிரியர் "எல்லீசர்"னு எழுதின மேற்கோளும் நூல் தலைப்பும் சேர்ந்து மாறிடும். கேம்ப்பெல் நூலோட தலைப்புல தெலுங்கை Teloogoo-ன்னு தான் அச்சடிச்சிருக்கு, நூற்பட்டியல்ல அது அப்படியே தான் இருக்கணும், நம்ம வாக்கியத்துல தெலுங்குன்னு வரணும், ரெண்டும் அதனதன் இடத்துல சரி.

தமிழ்ல தேடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. வேற்றுமை உருபு ஒட்டிடும், அதனால முழுப்பேரைத் தேடாம "கால்டு", "கால்ட்"னு முதல் சில எழுத்தை மட்டும் தேடுங்க. திரைல ஒரே மாதிரி தெரியுறது உள்ள வேற எழுத்தா இருக்கும், ஔவையார்ல ஔ ஒரே எழுத்து, சிலர் ஒ அடிச்சு ள சேர்த்து ஒளவையார்னு அடிச்சிருப்பாங்க, தேடினா அகப்படாது. பழைய எழுத்துருல இருந்து யூனிகோடுக்கு மாத்தின ஃபைல்ல இது இருக்க வாய்ப்பு அதிகம், அங்க ரெண்டு வடிவத்தையும் தனித்தனியா அடிச்சுத் தேடிப் பாருங்க.

மேல சொன்ன பத்தியை நான் திருத்தி எழுதித் தரல. ஓரத்துல மூணு கேள்வி மட்டும் போட்டேன்: ட்ரவுட்மன் எந்தப் பக்கம், எல்லிஸ் வரி நேரா பார்த்ததா வழியா எடுத்ததா, கால்டுவெல் எந்தப் பதிப்பு. கருத்தை மாத்துற உரிமை மெய்ப்பு பார்க்கிறவருக்கு இல்ல, அது ஆய்வாளரும் நெறியாளரும் முடிவு பண்ண வேண்டியது. எல்லிஸை நேரா படிக்கலைன்னா "ட்ரவுட்மன் எடுத்துக்காட்டியபடி"ன்னு சேர்த்துட்டா போதும், படிச்சுட்டா 1816 நூலையே காட்டலாம்.