ஆண்டுக்கு 20 சுற்றா, 4 சுற்றா?

பருவ வியாபாரம் செய்பவரின் கிடங்குக்குக் கணக்கு முடிக்கும் நாளன்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் தரை தெரியும். அது தற்செயல் அல்ல. சரக்கு குறைவாக இருக்கும்போது எண்ணி முடிப்பது எளிது, எண்ணிக்கையில் தவறும் குறையும். அதனால் நிதியாண்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கும் இடங்களில், பருவம் ஓய்ந்த பிறகே கணக்கை முடிக்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய சில்லறை நிறுவனங்கள் பலவற்றுக்கு நிதியாண்டு டிசம்பரில் முடிவதில்லை. ஆண்டிறுதி விற்பனையெல்லாம் அடங்கியபின் ஜனவரிக் கடைசியில் முடிகிறது. எண்ணுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அன்றைய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, "இவர்களிடம் சரக்கு எவ்வளவு வேகமாக ஓடுகிறது" என்று கேட்கத் தொடங்கினால் வம்பு ஆரம்பமாகிறது.

அந்த வேகத்துக்குப் பெயர் சரக்கிருப்புச் சுழற்சி விகிதம். ஓர் ஆண்டில் விற்ற பொருள்களின் அடக்கவிலையைச் சரக்கிருப்பால் வகுத்தால் வருவது. மேலே விற்பனைத் தொகையைப் போடக் கூடாது. அதில் லாபம் சேர்ந்திருக்கும், கீழே இருக்கும் சரக்கோ வாங்கிய விலையில் எழுதப்பட்டிருக்கும். இதில் பெரிய குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் கீழே எந்தச் சரக்கிருப்பைப் போடுவது என்பதில்தான். ஆண்டின் கடைசி நாளில் இருந்ததையா, ஆண்டு முழுவதற்கும் சராசரியையா?

குடை விற்கும் மொத்த வியாபாரி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் உருவாக்கிய ஆள்தான். தொகைகளை வெறும் எண்களாகவே வைத்துக்கொள்கிறேன். எந்த நாணயமானாலும் விகிதம் மாறாது. அவருடைய நிதியாண்டின் 6, 7, 8ஆம் மாதங்கள் மழைக்காலம். அந்த மூன்று மாதங்களில் முறையே 150, 200, 180 அடக்கவிலைக்குக் குடைகள் விற்கின்றன. நான்காம் மாதம் 30, மழைக்கு முந்தைய ஐந்தாம் மாதமும் மழை விட்ட ஒன்பதாம் மாதமும் தலா 60. மற்ற மாதங்களில் தலா 20. ஆண்டுக்கு மொத்தம் 800.

மழை வந்த பிறகு குடை தேடி ஓட முடியாது. எனவே இரண்டாம் மாதத்திலிருந்தே வாங்கிக் குவிக்கிறார். ஆண்டின் தொடக்கத்தில் கையிருப்பு 40. ஒவ்வொரு மாத இறுதியிலும் கிடங்கில் இருந்தது இப்படி:

40, 100, 220, 350, 460, 420, 280, 120, 60, 50, 40, 40.

ஐந்தாம் மாத இறுதியில் கூரை முட்ட 460. ஆண்டு முடியும்போது மறுபடியும் 40.

இறுதிச் சரக்கிருப்பை வைத்துக் கணக்கிட்டால் 800ஐ 40ஆல் வகுக்க வேண்டும். விடை 20. ஆண்டுக்கு 20 முறை சரக்கு சுழல்கிறது. நாள்கணக்கில், வாங்கிய குடை 18 நாளில் விற்றுப்போகிறது என்று பொருள். மூன்று மாதம் முன்னதாகவே வாங்கி அடுக்கும் வியாபாரத்தில் 18 நாளா? கிடங்கில் வேலை செய்யும் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

"அதனால்தான் சராசரியை எடுக்கச் சொல்கிறோம்" என்பார் பாடப்புத்தகம் படித்தவர். பாடப்புத்தகம் சொல்லும் சராசரி என்ன? தொடக்கச் சரக்கிருப்பையும் இறுதிச் சரக்கிருப்பையும் கூட்டி இரண்டால் வகுப்பது. நம்மவருக்குத் தொடக்கத்தில் 40, இறுதியில் 40, சராசரியும் 40. விகிதம் அதே 20. பெயர்தான் சராசரி, மருந்து துளியும் வேலை செய்யவில்லை. காரணம் எளிது. தொடக்க நாளும் இறுதி நாளும் பருவச் சக்கரத்தில் ஒரே புள்ளி. ஒரே பள்ளத்தை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை அளந்துவிட்டு, நடுவில் இருந்த மலையைப் பார்க்காமலே போகிறோம். சரக்கிருப்பு ஆண்டுக்காண்டு சீராக வளர்ந்தோ தேய்ந்தோ வரும் வியாபாரத்தில் இந்த இரு புள்ளிச் சராசரி உண்மையிலேயே உதவும். பருவத்தால் வரும் கோணலை மட்டும் அது தொடுவதே இல்லை. மாணவனாக இருந்தபோது இந்தச் சூத்திரத்தை நூறு தடவையாவது எழுதியிருப்பேன். ஒரு தடவைகூட இது உறைக்கவில்லை.

சராசரிதான் சரி என்பதற்குப் பின்னால் வெறும் வழக்கம் அல்ல, ஒரு கணித உண்மை இருக்கிறது. ஒரு குடை கிடங்கில் எத்தனை நாள் தங்கியது என்று அதன்மேல் சீட்டு ஒட்டிக் குறித்துக்கொண்டே வருவதாக நினைத்துப் பாருங்கள். ஆண்டு முடிவில் எல்லாச் சீட்டுகளிலும் உள்ள நாள்களைக் கூட்டினால் ஒரு மொத்தம் வரும். அதே மொத்தத்தை வேறு வழியிலும் பெறலாம்: தினமும் மாலையில் கிடங்கில் எத்தனை குடைகள் இருக்கின்றன என்று எண்ணி, ஆண்டு முழுவதற்கும் கூட்டுவது. ஒரு குடை ஓர் இரவு தங்கியதை முதல் வழி சீட்டில் ஒரு நாளாகக் குறிக்கிறது, இரண்டாம் வழி அன்றைய எண்ணிக்கையில் ஒன்றாகக் குறிக்கிறது. இரண்டும் ஒரே கூட்டல். ஆகவே தினசரிச் சராசரி இருப்பு என்பது, ஒரு நாளில் வெளியேறும் குடைகளின் எண்ணிக்கையை ஒரு குடை சராசரியாகத் தங்கும் நாள்களால் பெருக்கியதற்குச் சமம். வரிசைகளைப் பற்றிய ஆய்வில் இதற்கு லிட்டில் விதி என்று பெயர். ஜான் லிட்டில் 1961இல் இதற்கான நிறுவலை வெளியிட்டார்.

சுழற்சி விகிதம் இந்த விதியைத் தலைகீழாக எழுதியதுதான். விதி கேட்பது காலம் முழுவதற்குமான சராசரி இருப்பை. அதன் இடத்தில் ஒரு நாளின் இருப்பைப் போட்டால், கிடைக்கும் எண் எந்தக் குடையின் தங்கும் நாளையும் குறிக்காது.

தினமும் எண்ண முடியாவிட்டாலும் மாத இறுதி எண்கள் கையில் இருக்கின்றன. பன்னிரண்டையும் கூட்டினால் 2180. சராசரி ஏறக்குறைய 182. 800ஐ அதனால் வகுத்தால் 4.4. ஆண்டுக்கு நாலரைச் சுற்றுகூட இல்லை; ஒரு குடை சராசரியாக 83 நாள் கிடங்கில் கிடக்கிறது. முன்பு வந்த 18 நாளைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

இதில் ஒரு சின்னக் கவனம் தேவை. தொடக்க இருப்பையும் சேர்த்து 13 எண்களைக் கூட்டி 13ஆல் வகுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஆண்டின் ஓரத்திலிருக்கும் அந்தப் பள்ளம் இரண்டு முறை ஏறிவிடுகிறது. நம் வியாபாரிக்குச் சராசரி 171 ஆகக் குறைந்து விகிதம் 4.7 ஆகிறது. இரண்டு ஓரங்களையும் பாதிப் பாதியாகச் சேர்த்து 12ஆல் வகுத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். 4.4க்கும் 4.7க்கும் சண்டை போட வேண்டியதில்லை, 20க்கும் 4.4க்கும்தான் போட வேண்டும்.

இப்போது வியாபாரத்தில் எதையும் மாற்றாமல், கணக்கு முடிக்கும் நாளை மட்டும் ஐந்தாம் மாத இறுதிக்கு நகர்த்துவோம். அதே குடைகள், அதே மழை, அதே 800. இறுதிச் சரக்கிருப்பு மட்டும் 460. விகிதம் 1.74, ஒரு குடை 210 நாள் கிடக்கிறதாம். ஒரே வியாபாரி நாள்காட்டியில் ஒரு தேதியை மாற்றியதும் மின்னல் வேகக்காரரிலிருந்து சோம்பேறியாகிவிட்டார். ஒரே தொழிலில் இருந்தும் வெவ்வேறு மாதங்களில் கணக்கு முடிக்கும் இரண்டு நிறுவனங்களின் சுழற்சி விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். வியாபாரத்தின் வேகத்தை அளப்பதாக நினைத்து, தேதியை அளக்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாத எண்கள் கிடைப்பதில்லை. காலாண்டு அறிக்கை இருந்தால் நான்கு புள்ளிகள் கிடைக்கும். நம் வியாபாரிக்கு அவை 220, 420, 60, 40. சராசரி 185, விகிதம் 4.3. உண்மைக்கு மிக அருகில்தான். ஆனால் இது ஓரளவு அதிர்ஷ்டம். உச்சம் காலாண்டு முடிவுக்கு அருகே வந்ததால் அகப்பட்டது. உச்சம் கூர்மையாக எழுந்து இரண்டு காலாண்டு முடிவுகளுக்கு நடுவே அடங்கிவிடும் வியாபாரத்தில் காலாண்டு எண்களும் ஏமாற்றும்.

காலாண்டு எண்களும் இல்லையென்றால் வட்டியைப் பாருங்கள். வட்டி நாள்தோறும் ஏறும்; கணக்கு முடிக்கும் நாளுக்காக அது காத்திருப்பதில்லை. சரக்கு முழுவதையும் 12 சதவீத வட்டிக் கடனில் வாங்கியதாக வைத்துக்கொண்டால், ஆண்டிறுதிச் சரக்கான 40க்கு ஆண்டு வட்டி 5கூட வராது. லாப நட்டக் கணக்கில் நிற்கும் வட்டியோ 22 அளவில் இருக்கும். ஆண்டிறுதிக் கடனுக்குப் பொருந்தாத பெரிய வட்டியும், காலிக் கிடங்குக்குப் பொருந்தாத பெரிய வாடகையும் தென்பட்டால், நடுவில் ஒரு மலை இருந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மாத இறுதி எண்களும் முழுக்கச் சுத்தமானவை அல்ல. மாதக் கடைசியில் விற்பனை இலக்கை எட்டச் சரக்கைத் தள்ளிவிட்டு, வரவேண்டிய கொள்முதலை ஒன்றாம் தேதிக்கு மாற்றி வைக்கும் இடங்களில் பன்னிரண்டு எண்களும் சேர்ந்தே தாழ்வாக இருக்கும். மாத நடுவில் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரியான சராசரி கிடைத்த பிறகும் 4.4 என்பது ஆண்டுக்கான பதில் மட்டுமே. இன்று கிடங்கில் இருப்பது அதிகமா குறைவா என்ற கேள்விக்கு அது உதவாது. அதற்குப் பின்னால் பார்ப்பதை விட்டுவிட்டு முன்னால் பார்க்க வேண்டும்: கையிருப்பு இனி எத்தனை மாத விற்பனைக்கு வரும்?

ஐந்தாம் மாத இறுதியில் இருக்கும் 460ஐ, அந்த மாதம் விற்ற 60ஆல் வகுத்தால் ஏழரை மாதச் சரக்கு. பயமாகத்தான் இருக்கும். ஆனால் வரப்போகும் மாதங்களில் 150, 200, 180 என்று போகப்போவதால், அது இரண்டரை மாதம் சொச்சத்துக்குத்தான் வரும். வாங்கியது சரி. எட்டாம் மாத இறுதியில் நிலைமை தலைகீழ். கையில் 120, அந்த மாதம் விற்றதோ 180. வெறும் 20 நாள் சரக்கு என்று பின்னால் பார்க்கும் கணக்கு பதறுகிறது, இன்னும் வாங்கு என்கிறது. மழை விட்டுவிட்டது. அடுத்து வருபவை 60, 20, 20, 20. கையிலிருக்கும் 120, இனி ஒரு குடைகூட வாங்காவிட்டாலும், நான்கு மாதத்துக்கு வரும்.