ஸ்வார்மிங்: அணி முழுவதும் ஒரே வேலையை மொய்ப்பது

மென்பொருள் அணிகளில் காலைக் கூட்டம் நடக்கும்போது, "இந்த டிக்கெட் பிளாக் ஆகி நிற்கிறது, எல்லோரும் ஸ்வார்ம் பண்ணலாமா?" என்று யாராவது கேட்பதுண்டு. பலரும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டு, முடங்கிக் கிடக்கும் ஒரே வேலையைச் சேர்ந்து நகர்த்துவதுதான் ஸ்வார்மிங்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வேர்ம்' என்றால் தேனீக் கூட்டம். ஜெர்மன் மொழியின் 'ஷ்வார்ம்' இதற்கு உறவுச் சொல். ஆனால் தேனீ வளர்ப்பவர்கள் ஸ்வார்மிங் என்று சொல்வது வேறொன்றை: பழைய ராணித்தேனீ பெரும்பகுதி வேலைக்காரத் தேனீக்களோடு கூட்டைவிட்டு வெளியேறிப் புதுக் கூடு தேடிப் போவதை. அணிகள் எடுத்துக்கொண்டது அந்த வெளியேற்றத்தை அல்ல, ஓரிடத்தில் அடர்ந்து கூடும் தோற்றத்தை மட்டும்.

தமிழில் 'திரள்தல்' என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் சும்மா கூடி நின்றாலும் அது திரள்தல்தான். 'குழுப்பணி' எல்லா வேலைக்கும் பொருந்திவிடுகிறது. என் தேர்வு 'மொய்த்தல்'. பூவை வண்டு மொய்க்கிறது என்கிறோம். எதை மொய்க்கிறது என்று சொல்லாமல் அந்த வினை நிறைவடையாது, நடுவில் ஒரு பொருள் வேண்டும். மொய் என்ற சொல்லுக்கு நெருக்கம், கூட்டம் என்பதோடு வலிமை என்ற பொருளும் அகராதியில் உண்டு. ஈ மொய்ப்பதை நினைத்துச் சிலர் முகம் சுளிக்கலாம். அந்த எச்சரிக்கையும் சொல்லுக்குள் இருப்பது நல்லதென்றே கருதுகிறேன், ஏனென்றால் பயனில்லாத மொய்ப்பும் உண்டு.

எப்போது மொய்க்க வேண்டும்? ஆறு பேர் கொண்ட ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். பழைய பேமென்ட் இணைப்பு ஒன்பது நாளில் மூடப்படுகிறது. புதியதைச் சோதிக்கும்போது சில ஆர்டர்களுக்கு இரண்டு முறை பணம் எடுக்கப்படுகிறது. ஒருவர் இரண்டு நாளாக முட்டி மோதியும் காரணம் பிடிபடவில்லை. மற்ற ஐந்து பேரில் நான்கு பேரின் வேலைகள் அரைநாள் தள்ளிப்போனால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. இது சரியாகாவிட்டால் பத்தாம் நாள் வசூலே நின்றுவிடும். முதல் கேள்வி இந்த ஒப்பீடுதான். அடுத்த கேள்வி: தடையை நீக்குவது அணியின் கைக்குள் இருக்கிறதா? வெளி நிறுவனத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் வேலை என்றால் ஆறு பேர் சூழ்ந்தாலும் அசையாது. ஒருவர் தொலைபேசியில் விரட்டினால் போதும். மூன்றாவது, வேலையைத் துண்டு போட முடிய வேண்டும். ஒரே ஒருவர்தான் செய்யக்கூடிய வேலையில் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் மேலும் தாமதமாகும் என்று 1975இல் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் எழுதியது இங்கேயும் பொருந்தும்: புதிதாக வருபவருக்குப் பின்னணி சொல்லவே நேரம் போய்விடும். ஏற்கெனவே அந்தக் குறிமுறை தெரிந்தவர்கள் மொய்ப்பதால்தான் பலன் கிடைக்கிறது.

இந்த அணியில் மூன்றுக்கும் விடை சாதகம். லைவில் வந்த கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருப்பவரை மட்டும் தொடவில்லை. இன்னொருவர் ரிவியூவை முடித்துவிட்டு மதியம் சேர்வதாகச் சொன்னார். மாட்டிக்கொண்டவர் முதல் பத்து நிமிடத்தில், பணம் எடுக்கும் ஓட்டத்தைப் பலகையில் வரைந்தார். பிறகு ஒருவர் இரட்டைப் பற்றுகளின் லாகுகளை மட்டும் வடிகட்டினார், ஒருவர் கோளாறைத் திரும்ப வரவழைக்கும் சோதனையை எழுதினார், ஒருவர் பேமென்ட் நிறுவனத்தின் ஆவணத்தைப் படித்தார். இரட்டைப் பற்று எல்லாமே, பதில் வராமல் டைம்அவுட் ஆன பின் நடந்தவை என்று லாகு காட்டியது. திரும்ப வரும் கோரிக்கையை அடையாளம் காட்டும் ஐடெம்பொட்டென்சி கீ மாறாமல் வந்தால்தான் ஒரே பரிவர்த்தனையாகக் கொள்வோம் என்றது ஆவணம். இரண்டையும் அருகருகே வைத்ததும் இது கண்ணில் பட்டது:

```python
for attempt in range(3):
    key = str(uuid4())
    if charge(order, key):
        break
```

மறுமுயற்சி ஒவ்வொன்றிலும் புதுக் கீ பிறக்கிறது. கீயை உருவாக்கும் வரியை வளையத்துக்கு வெளியே எடுத்து, ஆர்டரோடு சேமித்ததும் சோதனை தேறியது. செலவு, நான்கு பேருக்கு அரைநாள், அதாவது இரண்டு ஆள்நாள்.

மொய்ப்பு வீணாகிறதா என்பதை ஒரு மணி நேரத்திலேயே கண்டுகொள்ளலாம். "நீ இப்போது எதைப் பார்க்கிறாய்?" என்று கேட்டால், வீணாகும் மொய்ப்பில் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள், அல்லது ஒருவருக்குப் பதிலே இருக்காது. அவர்களைத் தத்தம் வேலைக்கு அனுப்பிவிட வேண்டும். அரைநாள் முடிந்தும் புதுத் தடயம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால் மொய்ப்பைக் கலைத்துவிட்டு, காலக்கெடுவை நீட்டிக் கேட்பதுபோன்ற வேறு வழியை யோசிக்க வேண்டும்.

வேலை முடிவதற்குள் கலைந்துவிடுவதும் மொய்ப்பின் இயல்பில் சேர்ந்ததே. மேற்சொன்ன அணியில் சோதனை தேறிய உடனே மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். மற்ற டைம்அவுட் வழிகளைச் சரிபார்த்து, டிக்கெட்டை மூடுவதைப் பழைய ஆளே செய்தார்.