மீட்டர்ல 0.6 வந்தும் ஆயில் ஒழுகுன ஷாஃப்ட்

புதுசா வர்ற ட்ரெய்னீங்க டிராயிங்ல, பரப்பு எவ்ளோ சொரசொரப்பா இருக்கலாம்னு சொல்ற ஒரு டிக் மார்க்கும் பக்கத்துல 0.8னு ஒரு நம்பரும் பாத்தா நம்பரை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மெஷினுக்கு போயிடுறாங்க. நானும் அப்படித்தான் போனேன், ஒரு கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல நல்லா அடிபட்டேன், அதனால அந்த ஷாஃப்டை வச்சே சொல்றேன்.

அதுல 35 மிமீ டயாவுல ஆயில் சீல் உக்கார்ற இடம். குறி என்னன்னா டிக் மார்க், அதோட வாயை மூடி மேல ஒரு கோடு, கூடவே Ra 0.8, டிக்கோட நீள கால் நுனியில இருந்து போற கோட்டுக்கு மேல "கிரைண்டிங்"னு எழுத்து. வாய் மூடியிருந்தா மெஷின்ல மெட்டலை எடுத்தே ஆகணும்னு அர்த்தம். வாயை மூடுற கோட்டுக்கு பதிலா டிக்கோட மடிப்புக்குள்ள சின்ன வட்டம் இருந்தா எடுக்கவே கூடாது, காஸ்டிங் எப்படி வந்துச்சோ அப்படியே விடணும். எதுவும் இல்லாத வெறும் டிக்னா எப்படி வேணா கொண்டுவரலாம். பழைய டிராயிங்ல நம்பருக்கு பதிலா N7, N6னு இருக்கும், N7னா 1.6, N6னா 0.8.

இந்த 0.8 மைக்ரான்ல, அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு சராசரி கோடு போட்டு, அந்த கோட்டுல இருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாத்து (மேலயோ கீழயோ, தூரம் மட்டும்) அதுக்கு ஆவரேஜ் எடுத்தா அதுதான் Ra. ஆவரேஜ்ங்கிறதை மறந்துடாதீங்க, டர்னிங் பண்ண பரப்புல Ra 0.8னா மேட்டு உச்சியில இருந்து பள்ளத்து அடி வரைக்கும் கிட்டத்தட்ட நாலு மடங்கு, 3 மைக்ரானுக்கு மேலயே இருக்கும்.

லேத்துல இந்த நம்பர் எங்க இருந்து வருதுன்னா ஃபீடும் இன்சர்ட் மூக்கோட ரேடியஸும்தான். தோராயமா Ra = f² / (32 × r), ரெண்டும் மிமீல போட்டா விடையும் மிமீல வரும். 0.2 ஃபீட், 0.4 ரேடியஸ்னா 0.0031 மிமீ, அதாவது 3.1 மைக்ரான். ஃபீடை பாதியாக்கி 0.1 வச்சா பாதியா குறையாது, நாலுல ஒண்ணா குறைஞ்சு 0.8க்கு வந்துடும். ஆனா இது நடக்கக்கூடிய நல்ல பட்ச கணக்கு. மைல்ட் ஸ்டீல்ல ஸ்பீடு கம்மியா ஓட்டினா மெட்டல் டூல் முனையில ஒட்டிக்கிட்டு பரப்பை பிச்சு பிச்சு விடும், அப்ப இந்த கணக்குக்கு வேலையே இல்ல.

இப்ப அந்த ஷாஃப்ட். அன்னைக்கு கிரைண்டிங் மெஷின் நின்னுபோச்சு, நான் 0.8 ரேடியஸ் இன்சர்ட்ல 0.1 ஃபீட் வச்சு லேத்துலயே ஃபினிஷ் பண்ணேன், கணக்குப்படி 0.4, சொரசொரப்பு பாக்குற மீட்டர்ல 0.6, டிராயிங் கேட்டதை விட நல்லா இருக்கேன்னு அனுப்பிட்டேன். ஒரு வாரத்துல சீல் வழியா ஆயில் கசியுதுன்னு திரும்பி வந்துச்சு.

சீல்ல ஒண்ணும் குறை இல்ல. டர்னிங் கோடு பாக்க வளையம் வளையமா தெரிஞ்சாலும் உண்மையில அது 0.1 பிட்ச்ல ஒரே நீள மரை, ஷாஃப்ட் சுத்தும்போது அந்த மரை ஆயிலை ஒரு பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும். வெளிய தள்ளுனா லீக், உள்ள தள்ளுனா சீல் உதடு காஞ்சு கருகும். Ra மரையையும் பாக்காது, கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னும் பாக்காது, உயரத்தோட ஆவரேஜை மட்டும் சொல்லும். அதனாலதான் டிசைனர் கோட்டுக்கு மேல கிரைண்டிங்னு எழுதினார், அது வழிமுறை யோசனை இல்ல, கட்டாயம்.

கிரைண்டிங்லயும் வீலை பக்கவாட்டுல ஓட்டினா மரை வரலாம், நேரா உள்ள இறக்கி, தீப்பொறி அடங்குற வரைக்கும் விடணும்.

சோதிக்க எங்க சீனியர் அண்ணன் ஒரு வழி காட்டினார். ஷாஃப்டை மட்டமா புடிச்சு லேசா எண்ணெய் தடவி, பருத்தி நூலை மேல போட்டு கீழ சுமார் 30 கிராம் எடையை தொங்கவிட்டு மெதுவா சுத்தணும். நூல் ஒரு பக்கமா நகருது, திருப்பி சுத்தினா எதிர்ப்பக்கம் நகருதுன்னா மரை இருக்கு. ரெண்டு தடவையும் ஒரே பக்கம் போனா ஷாஃப்ட் மட்டமா இல்ல, சரிபண்ணிட்டு மறுபடி பாருங்க. என்னோடதுல நூல் ஒரு தடவை ஒரு பக்கம், திருப்பி சுத்தினா எதிர்ப்பக்கம்னு தெளிவா நகந்துச்சு.

இன்னொண்ணு, மீட்டர் ஊசியை கோட்டுக்கு குறுக்க ஓட்டணும், அதாவது ஷாஃப்ட் நீளவாக்குல. கோடு போற திசையிலயே ஓட்டினா ஊசி பள்ளத்துக்குள்ளயே போயி பொய்யா நல்ல ரீடிங் காட்டும்.

நல்லவேளை, சீல் இடத்துக்கு டாலரன்ஸ் h11, 35ல இருந்து 0.16 வரை குறையலாம். 0.04 எடுத்து கிரைண்ட் பண்ணோம், நூல் வச்ச இடத்துலயே நின்னுச்சு.