"எனக்கும் அப்படித்தான்": பேசி முற்றான பிறகு பழகும் மாதங்களில் நடப்பது

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைக்காக என்னிடம் வரும் இளையவர்களில் ஒரு பகுதியினர், கல்யாணம் பேசி முற்றாகி, மற்றவர் வெளிநாட்டில் இருப்பதால் சில மாதங்களாக வட்ஸ்அப்பில் மட்டும் கதைத்துப் பழகிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் சண்டை பற்றியதாக இருப்பதில்லை. "எல்லாம் நல்லாத்தான் போகுது, ஆனா அவர் கோல் எடுக்கிற நேரம் வந்தா நெஞ்சு படபடக்குது" என்றுதான் தொடங்குவார்கள். விசாரித்துப் பார்த்தால், மாதக்கணக்காக மற்றவருடைய விருப்பு வெறுப்புக்கெல்லாம் ஒத்தூதிவிட்டு, தாம் முன்பு என்ன சொன்னோம் என்பதை நினைவில் வைத்திருக்கும் பாரத்தோடு அவர்கள் வந்திருப்பது தெரியும்.

பழகும்போது ஓரளவு மற்றவரைப் போல ஆவது மனித இயல்பு. 1999 இல் தான்யா சார்ட்ரண்ட், ஜோன் பார்க் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அருகிலிருந்தவர் முகத்தைத் தடவினால் அல்லது காலை ஆட்டினால், கலந்துகொண்டவர்களும் தம்மை அறியாமலே அவ்வாறு செய்தனர். இதில் ஒரு தீங்கும் இல்லை. கருத்தையும் வாழ்க்கைத் திட்டத்தையும் மாற்றிச் சொல்வது வேறு விடயம். 1975 இல் மார்க் சன்னாவும் சூசன் பக்கும் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவிகள் தாம் சந்திக்கப் போகும் ஆண் விரும்பத்தக்கவர் என்று எண்ணியபோது, பெண் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அதற்கேற்பத் தம்மைப் பற்றிய விவரங்களை மாற்றிக் கூறினர். அவர் அவ்வளவு விரும்பத்தக்கவராகத் தோன்றாதபோது அந்த மாற்றம் பெரிதாக நிகழவில்லை. அதாவது, யாருடைய விருப்பம் நமக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவரிடமே நாம் மிகக் குறைவாக நாமாக இருக்கிறோம். நமது ஊரில் ஒரு சம்பந்தம் சரிவருவதற்குள் வீட்டார் படும் பாட்டை நினைத்தால், அந்தத் தேவை எவ்வளவு பெரிதாகிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றிய ஒரு கதையைச் சொல்கிறேன். வலிகாமத்தைச் சேர்ந்த ஒரு ஆசிரியைக்குக் கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். தனக்குக் கோயில், விரதம் போன்றவற்றில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை என்று அவர் முதல் வாரத்தில் சொன்னபோது, "எனக்கும் அப்படித்தான்" என்று இவர் சொல்லிவிட்டார். ஆனால் இவர் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பவர். ஐப்பசியில் அந்த நாட்கள் வந்தன. ஒரு சனிக்கிழமை, அவருக்குக் காலையும் இவருக்குப் பின்னேரமுமான நேரத்தில் வீடியோவில் கதைத்தபோது, வெறும் வயிற்றோடு இருந்த இவர் புட்டுப் போட்ட தட்டொன்றைக் கமராவில் தெரியும்படி பக்கத்தில் வைத்திருந்தார். "சாப்பிட்டாச்சோ?" என்று அவர் கேட்க, "ஓம், இப்பதான்" என்று பதில் சொன்னார். விரதத்தை மறைத்ததை விட, மறைப்பதற்குத் தட்டு வைக்க வேண்டி வந்ததே தன்னை உறுத்தியது என்று பிறகு என்னிடம் கூறினார்.

ஆனாலும் பெரிய சிக்கல் விரதத்தில் இருக்கவில்லை. "இங்க வந்தா நீங்கள் வேலைக்குப் போகத் தேவையில்லை, ஓய்வா இருக்கலாம்" என்று அவர் சொன்னதற்கும் இவர் ஓமென்றிருந்தார். உண்மையில் கனடாவுக்குப் போனதும் கணக்கியல் படித்து வேலை தேட வேண்டும் என்பதே இவருடைய எண்ணம். இவர் வீட்டில் இருக்கப் போகிறார் என்று நம்பிய அவர், பஸ் வசதி குறைந்த ஓரிடத்தில் வாடகை மலிவான வீடொன்றை எடுத்துவிட்டார். கேட்பவர் அந்தப் பதிலால் மகிழ்வதோடு நிற்பதில்லை. அதை நம்பி வீடு பார்க்கிறார், பணத்தைக் கணக்கிடுகிறார். நாம் கொடுத்த பொய்யான தகவலின் மேல் இன்னொருவர் தன் வாழ்க்கையைத் திட்டமிடுவது அவருக்கும் அநியாயம்.

ஆசிரியையிடம் ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் போடச் சொன்னேன். முதலாவதில் மாப்பிள்ளை சொன்னது, இரண்டாவதில் தான் சொன்ன பதில், மூன்றாவதில் இதே கேள்வியைத் தன் அக்கா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது. இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபடும் இடங்களே கவனிக்க வேண்டியவை. அவற்றுள்ளும் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. அவர் விரும்பிய நடிகரைத் தனக்கும் பிடிக்கும் என்று சொன்னது தானாகவே கரைந்து போகும். படிப்பு, வேலை, வழிபாடு, பிள்ளைகள், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்புவது ஆகியவை அன்றாட வாழ்க்கையையே மாற்றுபவை. இவற்றில் சொன்னதைத் திருத்தாமல் விசாவுக்கு விண்ணப்பிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருத்திச் சொல்லும்போது நீண்ட விளக்கமும் அழுகையும் வேண்டாம். ஆசிரியை சொன்ன வசனம் இதுதான்: "அண்டைக்கு நீங்கள் கேட்டவுடனே ஓமெண்டு சொல்லிப்போட்டன். உங்களுக்குப் பிடிக்காமப் போயிடுமோ எண்டு பயத்தில சொன்னது. எனக்குப் படிச்சு வேலை செய்யத்தான் விருப்பம். நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" இறுதியில் வரும் கேள்வி முக்கியமானது, ஏனெனில் அது மறுப்பை உரையாடலாக மாற்றுகிறது. விரதம் பற்றிச் சொன்னதை மாப்பிள்ளை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. வேலை விடயத்தில் மட்டும் சில நாட்கள் மௌனமாக இருந்தார், பிறகு வாடகை ஒப்பந்தம் முடியும் திகதியைப் பார்த்தார்கள், பொன்னுருக்கலைத் தள்ளிவைத்தார்கள். அந்த மௌன நாட்களைத் தாங்குவதுதான் மிகக் கடினம். பயத்தில் சொன்னதை மீளப் பெற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் அப்போதே பெற்றுக்கொள்கிறார்கள்.

இப்போதுதான் பழகத் தொடங்குபவர்கள் சொல்லும் ஒழுங்கை மாற்றிப் பார்க்கலாம். எதிர்த்தரப்பு முதலில் கருத்தைச் சொன்னால் அதற்குப் பக்கத்தில் போய் நிற்கவே மனம் விரும்பும். ஆகவே முக்கியமான இரண்டொரு விடயங்களில் கோல் வருவதற்கு முன்பே உங்கள் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, நீங்களே முதலில் சொல்லுங்கள். திடீரென்று கேள்வி வந்தால் "யோசிச்சுச் சொல்லுறன்" என்பது முழுமையான, மரியாதையான பதில். ஒருவரால் புதிய ரசனை உண்டாவது இதில் அடங்காது. அவர் அறிமுகப்படுத்திய பாட்டை அவர் இல்லாதபோதும் நீங்கள் கேட்கிறீர்கள் என்றால் அது இனி உங்களுடையது.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "நீ ஒண்டும் மறுத்துக் கதையாதை, போனாப்பிறகு பாக்கலாம்" என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். மறுக்கும் உரிமை இங்கே, சொந்த வீட்டில், சம்பளம் கையில் இருக்கும்போதே இல்லையென்றால், கணவரின் ஸ்பொன்சரில் தெரியாத ஊருக்குப் போன பிறகு அது எளிதாகக் கிடைக்கப் போவதில்லை.

இவையெல்லாம் மாற்றுக் கருத்தைக் கேட்கக்கூடியவரோடு பழகுபவர்களுக்கே பொருந்தும். ஒரு சிறு வேறுபாட்டைச் சொன்னதும் மற்றவர் தூஷணத்தில் பேசுகிறார், நாட்கணக்காகத் தண்டனை போல் கதைக்காமல் விடுகிறார், படங்களை வெளியிடப் போவதாக வெருட்டுகிறார் என்றால், அங்கே ஓமென்று சொல்வது தற்காப்பு. அவரிடம் துணிந்து கருத்துச் சொல்லிப் பழகும்படி நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அத்தகையவர்கள் முதலில் நம்பிக்கையான ஒருவரிடமும், பிரதேச செயலகத்திலுள்ள உளவளத்துணை உத்தியோகத்தரிடமும் பேச வேண்டும். பெண்கள் 1938 என்னும் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.