சேலம் 1882: ஒரு கலவர நூலைச் சோதித்துப் படித்த கதை

சென்னை மாகாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த மத மோதல்களைப் பற்றிய ஆய்வு நூல் ஒன்று மதிப்புரைக்கு வந்தது. சேலத்தில் வரலாறு நடத்துகிறவன் என்பதால் நேரே 1882 பற்றிய இயலுக்குப் போனேன். சொந்த ஊர் இயலில் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்த்துவிட்டால், தெரியாத ஊர்களைப் பற்றி அவர் எழுதியதை எவ்வளவு நம்பலாம் என்று ஓரளவு பிடிபடும்.

அந்த ஆண்டு இங்கே பள்ளிவாசலையும் கோயில் ஊர்வலப் பாதையையும் ஒட்டிய தகராறு கலவரமானது. அப்போதுதான் நகராட்சி உறுப்பினராகியிருந்த சி. விஜயராகவாச்சாரியார் தூண்டிவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டு, பத்தாண்டு தண்டனை பெற்று, பிறகு வழக்காடி நிரபராதியாக வெளியே வந்தார். 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் இவர்தான்.

நூல் இதோடு ஒரு வரி சேர்க்கிறது: ரிப்பன் பிரபுவிடம் பேசி, மற்ற கைதிகளை அந்தமான் செல்லுலார் சிறையிலிருந்து விடுவித்தார். இந்த வரியை இணையத்திலும் பல இடங்களில் பார்க்கலாம். ரிப்பன் வைஸ்ராய் பதவியை விட்டது 1884இல். செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கியதே 1896இல், முடிந்தது 1906இல். அந்தமானில் கைதிக் குடியிருப்பு 1858 முதல் இருந்தது, ஆகவே சேலத்துக்காரர்கள் அங்கே அனுப்பப்பட்டிருக்க முடியும். இல்லாத கட்டடத்திலிருந்து மட்டும் யாரும் விடுதலையாக முடியாது.

இது சின்னப் பிழைதான். இதற்காக நூலைத் தூக்கிப்போடக் கூடாது. ஆனால் அந்த வரிக்கு அடிக்குறிப்பில் எழும்பூர் ஆவணக் காப்பகக் கோப்பு எண் இருந்தது. அந்தக் காலத்துக் கோப்பில் செல்லுலார் சிறை என்ற பெயர் இருக்க வழியில்லை. அப்படியானால் வரி எங்கிருந்தோ வந்தது, கோப்பு எண் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த இயலின் ஒவ்வொரு அடிக்குறிப்பையும் சந்தேகத்தோடுதான் படித்தேன்.

அடுத்து, 'பல சான்றுகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன' என்ற இடம். எவை என்று பார்த்தால் லெ ஃபானு எழுதி 1883இல் வந்த சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த சேலம் கெசட்டியரும். முதலாவது கலவரம் நடந்த மறு வருஷம், அதே நிர்வாகத்தைச் சேர்ந்த அதிகாரி எழுதியது. இரண்டாவதை எழுதியவர் முதலாவதை மேசையில் வைத்துக்கொள்ளாமல் எழுதியிருப்பாரா? இரண்டிலும் செய்தி ஒன்றுபோல இருந்தால், பின்னது முன்னதைப் பார்த்து எழுதியதா என்று வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டதற்கான அடையாளம் நூலில் இல்லை. சாட்சி இரண்டு என்று எண்ணியது ஒன்றாகவே இருக்கலாம்.

பத்திரிகை மேற்கோள்களிலும் இதே கதை. 'தமிழ்ப் பத்திரிகை ஒன்று கொதித்து எழுதியது' என்று நூல் சொல்கிறது. எடுத்தது, அரசு மொழிபெயர்ப்பாளர் சுதேசப் பத்திரிகைகளிலிருந்து அதிகாரிகளுக்காக ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுத்த அறிக்கையிலிருந்து. அதிகாரிகளுக்குக் கவலை தந்த பகுதிகள்தான் அதில் முன்னுரிமை பெறும். பத்திரிகையின் மூல இதழ் கிடைக்கவில்லை என்றால் ஆசிரியர் அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அறிக்கையில் கொதிப்பு தெரிந்தால், அது எழுதியவருடையதா சுருக்கியவருடையதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

நீதிமன்ற ஆவணத்தில்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. விசாரணையில் சாட்சிகள் சொன்ன கூட்டச் சதிக் கதையை நூல் நடந்த நிகழ்ச்சியாகவே விவரிக்கிறது. விடுதலையோ ஒரே வரியில் முடிகிறது. தண்டனையைத் தந்த சாட்சியம் பிறகு நிற்கவில்லை என்றால், அதே சாட்சியத்தை வைத்து யார் எங்கே கூடினார்கள் என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் 'அரசுத் தரப்புச் சாட்சி இப்படிச் சொன்னார்' என்றுதான் எழுதலாம்.

வாதத்துக்கு வருவோம். நெடுங்காலப் பகை வெடித்தது என்பது நூலின் முடிவு. இதற்குச் சான்றாக வருபவை எல்லாம் தகராறு நடந்த வருஷங்களின் கோப்புகள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஊர்வலம் சத்தமில்லாமல் போய்த் திரும்பிய வருஷங்களுக்குக் கோப்பு எங்கே இருக்கும்? புகார் வந்தால்தானே அரசாணை. அமைதியான ஆண்டுகளை எண்ணாமல் பகை நீண்டது என்று சொன்னால், ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்து ஊரே நோயாளி என்பதுபோல ஆகிவிடும். ஊர்வலப் பாதை, மேளத்துக்கு அனுமதி, அதை யார் தருவது என்ற அதிகாரப் போட்டி பற்றி நூலின் நடுவில் இருபது பக்கம் அருமையாக இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், அந்தப் பக்கங்கள் முடிவுரைக்கு எதிராகவே பேசுகின்றன.

மதிப்புரையில் அந்த இருபது பக்கத்தை மனசாரப் பாராட்டினேன். சேலம் இயலைத் திருத்தாமல் மறுபதிப்பு வேண்டாம் என்றும், அடிக்குறிப்பில் 'நேரில் பார்த்தது', 'இன்னார் நூல் வழியாக எடுத்தது' என்று பிரித்துக் காட்டச் சொல்லியும் எழுதி அனுப்பிவிட்டேன்.