2.8 நொடிக்குள் ஒரு தமிழ் வரி

உயரமான இடங்களில் சமைப்பது பற்றிய ஒரு சிறிய ஆங்கிலக் காணொளி, சென்னை சாலிகிராமத்து டப்பிங் ஸ்டுடியோ ஒன்றுக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். பேசுபவர் கேமராவை நேராகப் பார்த்து, "வாட்டர் பாயில்ஸ் அட் எ லோயர் டெம்ப்ரேச்சர் ஆன் எ மவுன்டன்" என்கிறார். ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்று எண்ணினால் (யாப்பின் நேரசை, நிரையசைக் கணக்கு இங்கே உதவாது) ஆங்கில உச்சரிப்பில் இதில் 14 அசைகள் உள்ளன. நொடிக்கு ஐந்து அசை என்ற நிதானமான வேகத்தில் அவர் அதை 2.8 நொடியில் சொல்லி முடிக்கிறார்.

"மலையின் மேல் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது" என்பது பிழையற்ற மொழிபெயர்ப்பு. ஆனால் அதில் 20 அசைகள் இருப்பதால், அதே வேகத்தில் பேச நான்கு நொடி ஆகும். குரல் கொடுப்பவர் நொடிக்கு ஏழு அசைக்கும் சற்றுக் கூடுதலாக விரைந்தால் நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் திரையில் நிதானமாக இருக்கும் முகத்தோடு அந்தப் பதற்றம் ஒட்டாது. மென்பொருளில் ஒலியைச் சுருக்கினாலும் இதே குறைதான், கூடவே மெய்யெழுத்துகளும் மழுங்கும். ஆகவே வரியைத்தான் திருத்த வேண்டும்.

முதலில் தோன்றும் திருத்தம், "மலை மேல தண்ணி சீக்கிரமே கொதிச்சிடும்". அசைகள் சரியாக 14 என்றாலும், அறிவியல் திரிந்துவிடுகிறது. காற்றழுத்தம் குறைவதால் ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். அந்தக் குறைந்த சூட்டில் அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். 'சீக்கிரமே' என்று கேட்டவர், மலையில் சமையல் விரைவாக முடியும் என்றே எண்ணிக்கொள்வார். இத்தகைய பிழை உதடு பொருந்தாமல் போவதைவிட மோசமானது என்பேன், ஏனெனில் அதைப் பார்வையாளரால் கண்டுபிடிக்க முடியாது. "மலை மேல தண்ணி கம்மி சூட்லயே கொதிக்கும்" என்றால் பொருளும் நிற்கிறது, அசைகளும் 14தான்.

அடுத்தது உதடு. ப, ம போன்ற ஒலிகளுக்கு உதடுகள் முழுவதுமாக மூடுவதால், முகம் அருகில் தெரியும் காட்சியில் அவை இடம் மாறினால் கண் உடனே பிடித்துவிடும். மூல வரியில் 'மவுன்டன்' என்பதற்காக உதடு மூடுவது 13ஆம் அசையில். நம் வரியிலோ அந்த இடத்தில் 'திக்' வருகிறது. பேச்சுத் தமிழில் வினைக்குப் பின்னும் சொல்லை வைக்கலாம் என்பதால், "தண்ணி கம்மி சூட்லயே கொதிக்கும், மலை மேல" என்று மாற்றினால், 'மே' சரியாக 13ஆம் அசையில் விழுகிறது. 'டெம்ப்ரேச்சர்' நடுவில் வரும் நொடிப்பொழுது மூடல் போன்ற சில பொருந்தாமல் நிற்கும்; வரியின் முடிவில் அழுத்திச் சொல்லும் ஒலியைக் காப்பாற்ற அவற்றை விட்டுக்கொடுக்கலாம்.

பதிவானபின் குரலைச் சற்று நகர்த்தியும் பார்க்கலாம், ஆனால் எந்தப் பக்கம் என்பது முக்கியம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலே உணரப்படுகிறது. பிந்தும்போதோ 125 வரை தெரிவதில்லை. ஆகவே ஐயமிருக்கும்போது ஒரு பிரேம் பின்னால் தள்ளுவதே பாதுகாப்பு.

பேச்சு தொடரும்போதே காட்சி அடுப்பிலுள்ள பாத்திரத்துக்கு மாறிவிட்டால், அசையை ஒவ்வொன்றாகப் பொருத்தும் தேவையே இல்லை. அங்கே தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பொருத்திவிட்டு, 'மலை மேல' என்பதை அதன் இயல்பான இடமான வரியின் முன்னுக்கே கொண்டுவந்துவிடலாம்.